நேற்றுச் சாயங்காலம் வீட்டில் என்ன நடந்தது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆஷ்டபியூலா என்று ஒரு மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் கர்க் ஹேடவே, பென்னி மார்லர், மார்க் சேவ்ஸ் என்ற மூன்று சமூகவியலாளர்கள் அங்கே எளிமையான ஒரு வேலையைச் செய்தார்கள். போன வாரம் ஆலயத்துக்குப் போனீர்களா என்று மக்களிடம் கேட்டார்கள். பிறகு மாவட்டத்திலிருந்த ஆலயங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, ஆராதனைக்கு உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். புராட்டஸ்டன்ட் மக்களில் ஏறக்குறைய 36 சதவீதம் பேர் ‘போனேன்’ என்று சொல்லியிருந்தார்கள். தலைகளை எண்ணியபோது கிடைத்தது சுமார் 20 சதவீதம். 1993இல் இந்த ஆய்வு வெளிவந்ததும் சமய வாழ்க்கையைப் பற்றிய கருத்துக்கணிப்புகள் எல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழுந்தது.

அந்த மக்கள் பொய் சொன்னார்கள் என்று முடிவுகட்டுவது சுலபம். ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்து ஸ்டான்லி பிரசரும் லிண்டா ஸ்டின்சனும் வெளியிட்ட கட்டுரை வேறொரு வழியைக் காட்டியது. சமயத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், நேற்று முழுநாளும் என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்ன ஆய்வுகளை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அந்த ‘நேற்று’ ஞாயிற்றுக்கிழமையாக இருந்த ஆட்களின் பதில்களில் ஆலயம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார்கள். நேரடியாகக் கேட்டபோது கிடைத்த எண்ணிக்கையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிருந்தது. கேள்வியின் வடிவம் மாறியதும் பதில் தானாகவே நிஜத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது. ‘ஆலயத்துக்குப் போனீர்களா?’ என்ற கேள்வி ஒருவர் காதில் ‘நீங்கள் எப்படிப்பட்ட ஆள்?’ என்று விழுகிறது. ‘நேற்று என்ன செய்தீர்கள்?’ என்பது நேற்று என்ன செய்தோம் என்பதாக மட்டுமே விழுகிறது.

இந்த வித்தியாசத்தை ஒரு குழுக் கலந்துரையாடலுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இங்கே என் அக்கறை. களப்பணியாளர்கள் இதை எஃப்.ஜி.டி. என்பார்கள். ஆறிலிருந்து எட்டுப் பேர் வட்டமாக உட்காருவார்கள்; ஒரு நெறியாளர் கேள்விகளை வைப்பார்; அவர்கள் தங்களுக்குள் பேசுவதை ஆய்வாளர் பதிவுசெய்வார். 1941இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டின் வானொலி ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெர்ட்டன் நேயர்களிடம் பேசிப் பார்த்ததிலிருந்து வளர்ந்த முறை இது. கருத்துக்கணிப்பில் பதில் சொல்கிறவர் ஒருவரிடம்தான் நல்ல பெயர் காக்க வேண்டும். குழுவிலோ பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்திருக்கிறார், சின்ன மாமனார் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நிலையில் கேள்வித்தாளின் ஒவ்வொரு வரியும் நடுநிலையாக இருக்கவேண்டிய கட்டாயம் பலமடங்கு கூடுகிறது.

ஒரு குறிப்பிட்ட இடத்தை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு தென்னிந்தியத் திருச்சபைச் சேகரம். அங்கே குடும்ப ஜெபம் என்பது பல தலைமுறைப் பழக்கம். சாயங்காலம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒரு கீர்த்தனை பாடி, வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்து, முழங்காலில் நின்று ஜெபித்து முடிப்பது. இன்று ஒரு பிள்ளை டியூஷனில் இருக்கிறது, தகப்பனார் வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருக்கிறார், தாயார் பீடிக் கடை போய்த் திரும்புகிறார், மருமகள் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கிறாள். இந்தக் குடும்பங்களில் விசுவாசமும் அன்றாடமும் எப்படி ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று தெரிந்துகொள்ள ஒருவர் குழுக் கலந்துரையாடல் நடத்தப்போகிறார். அதற்கான வழிகாட்டித் தாளை எழுத உட்காருகிறார்.

முதலில் கைக்கு வருகிற கேள்வி எப்போதும் இந்த மாதிரித்தான் இருக்கும்: “குடும்ப ஜெபம் உங்கள் குடும்பத்தின் ஒற்றுமையை எப்படிப் பலப்படுத்துகிறது?” பார்க்க மரியாதையான கேள்வி. ஆனால் அது கேட்பதற்கு முன்பே மூன்று விஷயங்களை முடிவுசெய்துவிட்டது. உங்கள் வீட்டில் ஜெபம் நடக்கிறது. உங்கள் வீட்டில் ஒற்றுமை இருக்கிறது. முதலாவது இரண்டாவதைப் பலப்படுத்துகிறது. ‘எப்படி’ என்பது மட்டுமே பாக்கி. இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களைச் சேர்த்தால் ஒரு நல்ல பிரசங்கம் கிடைக்கும். அந்தச் சேகரத்தின் வீடுகளைப் பற்றி எதுவும் கிடைக்காது.

தவறு புரிந்து அடுத்ததாக எழுதுவது: “குடும்ப ஜெபத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” பல பயிற்சி வகுப்புகள் இதோடு நின்றுவிடுகின்றன. நல்ல வார்த்தையும் இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை, ஆகவே நடுநிலை என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு வட்டத்தில், சபையார் நடுவில், குடும்ப ஜெபத்தைப் பற்றி நினைப்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. “அது பெரிய ஆசீர்வாதம்” என்று முதல் ஆள் சொல்வார், “ஆமா, ஆசீர்வாதம்தான்” என்று அடுத்தவர் சொல்வார், மூன்றாவது ஆள் வசனம் ஒன்றைச் சேர்ப்பார். கேள்வியில் சாய்வு இல்லாவிட்டாலும் அறையில் சாய்வு இருக்கிறது. சாய்ந்த தரையில் உருண்டையை வைத்துவிட்டு, நான் தள்ளவில்லை என்று சொல்வதில் பொருளில்லை.

மூன்றாவது முயற்சி எதிர்ப்பக்கம் போய்விடும்: “குடும்ப ஜெபம் நடத்துவதில் உங்களுக்கு என்னென்ன சிரமங்கள்?” இப்போது பேச்சு சூடுபிடிக்கும். சீரியல், கைபேசி, பிள்ளைகளின் படிப்பு என்று பட்டியல் நீளும். ஆய்வாளர் மகிழ்ந்துபோவார். ஆனால் நாற்பது ஆண்டுகளாக ஒரு நாள் தவறாமல் அமைதியாக ஜெபித்துவரும் பெரியவருக்கு இந்தக் கேள்வியில் இடமே இல்லை. அவரும் மரியாதைக்காக ஏதாவது ஒரு சிரமத்தைத் தேடிப்பிடித்துச் சொல்வார். முதல் கேள்வி புகழைத் தயாரித்தது போல இது புகாரைத் தயாரிக்கிறது.

ஒரு கேள்வி நடுநிலையானதா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. அந்த வட்டத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர், சொன்னேனே, அந்தப் பெரியவர். மற்றவர், பிள்ளை ஒன்றைப் பறிகொடுத்து, அதன்பிறகு இரண்டு வருஷமாக வீட்டில் வேதப்புத்தகத்தைத் திறக்காத ஒரு தாய். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு அவரும் வருகிறார். அவருடைய வீட்டுச் சங்கதி யாருக்கும் தெரியாது. கேள்வியை இருவரிடமும் கேட்டு, ஒவ்வொருவரும் சொல்லக்கூடிய முதல் வாக்கியத்தை எழுதிப் பார்க்க வேண்டும். இருவரில் ஒருவர் ‘இல்லை’ என்றோ, ‘தப்பா நினைக்காதீங்க’ என்றோ, ‘முன்னெல்லாம் பண்ணுவோம்’ என்றோ தொடங்க வேண்டியிருந்தால் கேள்வி அவர் பக்கம் கதவைச் சாத்திவிட்டது என்று அர்த்தம். இருவரும் வெட்கப்படாமல், பெருமைப்படாமல், உண்மையைக் கொண்டே தொடங்க முடிந்தால் அந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளலாம். மேலே எழுதிய மூன்றும் இதில் தோற்றுப்போகின்றன.

தாக்குப்பிடிக்கும் கேள்வி இதுதான்: “நேத்து சாயங்காலம் ஆறு மணியிலிருந்து படுக்கப் போற வரைக்கும் உங்க வீட்டுல யார் யார் இருந்தாங்க, என்னென்ன நடந்துச்சு, கொஞ்சம் சொல்லுங்க.” இதில் ஜெபம் என்ற வார்த்தையே இல்லை. பெரியவர் “ஏழரைக்கு எல்லாரும் பாயை விரிச்சு உக்காந்தோம்” என்று தொடங்குவார். அந்தத் தாய் “நான் மட்டும்தான் இருந்தேன், சோறு பொங்கி வச்சிட்டு நியூஸ் பாத்தேன்” என்று தொடங்குவார். இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும் வாக்கியங்கள். ஒஹாயோவில் தலை எண்ணிக் கண்டுபிடித்தது போன்ற இடைவெளியை ‘நேற்று என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்வி குறைத்தது இப்படித்தான்.

ஜெபம் தானாகப் பேச்சில் வந்தால் அதைத் தொட்டுத் தொடரலாம். வராவிட்டால் அடுத்த கேள்வி வழிகாட்டியில் தயாராக இருக்க வேண்டும்: “சில வீட்டுல எல்லாரும் சேர்ந்து ஜெபம் பண்றாங்க. சில வீட்டுல அவங்கவங்க தனியா பண்ணிக்கிறாங்க. சில வீட்டுல அப்படி ஒரு வழக்கம் இல்ல. உங்க வீட்டுல இப்போ எப்படி?” எந்த வாசல் வழியாக வந்தாலும் அங்கே முன்பே ஆட்கள் இருக்கிறார்கள் என்று இந்த முன்னுரை சொல்லிவிடுகிறது. ஆனால் வாசல்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும். ‘சில வீட்டுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாட்டுப் பாடி, வேதம் வாசிச்சு ஜெபம் பண்றாங்க, சில வீட்டுல இல்ல’ என்றால் முதல் வாசல் ஜோடித்த வாசல், இரண்டாவது கொல்லைப்புறம். இரண்டு குழுக்கள் நடத்துவதாக இருந்தால் வரிசையை ஒன்றில் மாற்றிச் சொல்லிப் பார்ப்பதும் நல்லது.

‘நேற்று’ என்ற அந்த வார்த்தைக்கும் கவனம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆட்கள் கிடைப்பார்கள் என்று அன்றே கூட்டம் வைத்தால், நேற்று என்பது சனிக்கிழமை. மறுநாள் ஆலயத்துக்கான ஆயத்தம் நடக்கிற மாலை அது. லெந்து நாட்களில் வைத்தால் சபை முழுவதும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும். டிசம்பரில் வைத்தால் கீத பவனி வீடுவீடாகப் போய்க்கொண்டிருக்கும். சாதாரண மாலை வேண்டுமென்றால், பண்டிகையும் அசனமும் இல்லாத ஒரு மாதத்தில் புதன் அல்லது வியாழன் கூட்டம் வைக்க வேண்டும். தேதி குறிப்பதும் கேள்வி எழுதுவதன் ஒரு பகுதி என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தமிழில் சாய்வு பெரும்பாலும் பெரிய சொற்களில் ஒளிந்திருப்பதில்லை. வாலில் தொங்குகிறது. தாளில் ‘பிள்ளைகளும் கலந்துகொள்கிறார்களா?’ என்று எழுதியிருப்பதை நெறியாளர் வாய்ப்பேச்சில் ‘பிள்ளைகளும் வருவாங்கதானே?’ என்று கேட்டுவிடுவார். ஒரு ‘தானே’, ஒரு ‘இல்லையா’ போதும், எதிரிலிருப்பவருக்கு எந்தப் பதில் வேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதனால்தான் வழிகாட்டியைப் பேச்சுத்தமிழிலேயே எழுத வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். எழுத்துத்தமிழில் தாளைக் கொடுத்தால் நெறியாளர் அந்த இடத்திலேயே தனக்குத் தோன்றியபடி அதைப் பேச்சாக்குவார். நாம் பார்த்துப் பார்த்துத் துடைத்த சாய்வு அங்கே திரும்ப ஏறிவிடும்.

தாள் சரியாக இருந்தாலும் நெறியாளர் பதிலுக்குக் கொடுக்கும் ஓசை இருக்கிறது. “தினமும் ஜெபம் உண்டு” என்று ஒருவர் சொன்னதும் “ரொம்ப நல்லது” என்றோ “ஸ்தோத்திரம்” என்றோ வாயில் வந்துவிடும். அந்தச் சபைச் சூழலில் அது இயல்பான மரியாதை. அடுத்தவர் “எங்க வீட்டுல நேரமே கிடைக்கலை” என்றதும் வெறும் “ம்...” வரும். இரண்டு ஓசைகளுக்கும் நடுவிலிருக்கும் வித்தியாசத்தைக் கேட்டுவிட்டு மூன்றாவது ஆள் தன் பதிலைத் திருத்திக்கொள்வார். ஆகவே எல்லாருக்கும் ஒரே சொல்: “சரிங்க.” வழிகாட்டியின் ஓரத்தில் இதைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம். கூடவே நான்கைந்து தூண்டல்கள் போதும். “இன்னும் கொஞ்சம் சொல்லுங்க.” “அப்புறம் என்ன நடந்துச்சு?” “கடைசியா அப்படி நடந்தது எப்போ?” “வேற மாதிரி இருக்கிற வீடு உண்டா?”

அந்தப் பட்டியலில் ‘ஏன்’ இருக்கக்கூடாது. ஆய்வாளருக்கு அது வெறும் காரணம் கேட்கும் சொல். ஆனால் இந்தச் சமூகத்தில் ‘ஏன் ஜெபம் பண்ணலை?’ என்பது வீடு சந்திப்புக்கு வருகிற ஐயரின் கேள்வி, மாமியாரின் கேள்வி. கேட்டவுடன் காரணங்கள் வராது, சமாதானங்கள் வரும். அதே விஷயத்தை “அன்னைக்கு அப்படி ஆகறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?” என்று கேட்டால் காரணம் கதையாக வந்து சேரும்.

இனி யார் யாரோடு உட்காருவது. சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனைகள் பலருக்குத் தெரிந்திருக்கும். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சாதாரண வேலை. அறையில் முன்பே சொல்லிவைத்த ஆட்கள் எல்லாரும் ஒரே தவறான பதிலைச் சொன்னால், கண்ணெதிரே கோடு இருந்தும், சோதிக்கப்பட்டவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறோடு ஒத்துப்போனது. ஆனால் அறையில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் இந்த ஒத்துப்போதல் மிகவும் குறைந்துவிட்டது. கோட்டின் நீளத்துக்கே இந்த நிலை என்றால், மாமியார் எதிரில் வீட்டுப் பழக்கத்தைச் சொல்லும் மருமகளின் நிலையை யோசிக்கலாம்.

அதனால் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒரு வட்டத்தில் வரக்கூடாது. மருமகள்கள் ஒரு குழு, மாமியார்கள் ஒரு குழு, குடும்பத் தலைவர்கள் ஒரு குழு, கல்யாணம் ஆகாத பிள்ளைகள் ஒரு குழு. ஐயரம்மாவையும் சேகரக் கமிட்டி உறுப்பினர்களையும் மற்றவர்களோடு கலக்கக்கூடாது. வேண்டுமானால் தனித்தனியே சந்திக்கலாம். ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பைச் சபை ஊழியரிடமோ கோயில்பிள்ளையிடமோ விட்டால் அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்வார்கள், ஆனால் சபையின் நல்ல முகங்களையே கூட்டிவருவார்கள். அனுமதியைச் சேகரகுருவிடம் வாங்கிவிட்டு, குடும்பப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்து, நேரில் போய் அழைப்பது மெனக்கெட்ட வேலை என்றாலும் அதற்கு ஈடு இல்லை. நெறியாளர் அதே திருச்சபைப் பேச்சு தெரிந்தவராக, ஆனால் வேறு ஊர்க்காரராக இருப்பது நல்லது. லெந்து என்றால் என்ன, அசனம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் யாருக்கும் சொந்தமும் இல்லை.

ஆஷ் கண்ட அந்த ‘ஒரே ஒரு மாற்றுக் குரல்’ அறையில் இருக்கும்படி செய்வதற்குச் சின்ன ஏற்பாடு ஒன்று உண்டு. பேசத் தொடங்குமுன் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, அதில் ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை ஒரு கோடு போட்டு, நேற்று மாலையை அதில் குறிக்கச் சொல்வது. எழுத விருப்பமில்லாதவர்கள் படமாகப் போடலாம். முதலில் பேசுபவர் என்ன சொன்னாலும் மற்றவர்களின் மாலை ஏற்கெனவே தாளில் இருக்கிறது. தன் கையால் போட்ட குறியை விட்டுவிட்டு முந்தின ஆளின் பதிலைத் திருப்பிச் சொல்வது அவ்வளவு சுலபமல்ல.

இடம் எது? ஆலயத்தின் உள்ளே வேண்டாம், குருவானவர் வீடும் வேண்டாம். பள்ளி முடிந்தபின் ஒரு வகுப்பறையோ யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையோ போதும். அடுத்த சிக்கல் தொடக்க ஜெபம். இந்தச் சபையில் நாலு பேர் கூடினால் ஜெபித்துத் தொடங்குவது வழக்கம். அதை நிறுத்தினால் வந்திருப்பது யாரோ அந்நியர் என்று ஆகிவிடும். நடத்தினாலோ ‘எங்கள் குடும்பங்களில் ஜெபம் பெருகட்டும் ஆண்டவரே’ என்று யாராவது வேண்டிவிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்கான தொனி அங்கேயே விழுந்துவிடும். என் முடிவு, ஜெபத்தை விடக்கூடாது என்பதுதான். பங்கேற்பவர்களில் ஒருவர் ஜெபிக்கட்டும், நெறியாளர் ஜெபிக்க வேண்டாம். அதன்பின் டீ கொடுத்து, ஊர்ப்பேச்சு பேசி, பத்து நிமிஷம் கழித்து உரையாடலைத் தொடங்கலாம். ஜெபத்தில் என்ன சொல்லப்பட்டது என்பதைக் குறிப்பெடுப்பவர் நினைவில் வைத்து எழுதிக்கொள்ள வேண்டும். அது பின்னால் பதில்களைப் படிக்கும்போது உதவும்.

தொண்ணூறு நிமிஷத்துக்கு எட்டுக் கேள்விகளுக்கு மேல் தாங்காது. பெயர், ஊர், வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு சுற்று. இது எல்லாருடைய குரலும் ஒருமுறை வெளியே வருவதற்காக மட்டும். பிறகு நேற்றைய மாலை. இதற்கே இருபத்தைந்து நிமிஷம் ஒதுக்கலாம், அவசரப்படக்கூடாது. பிறகு மூன்று வாசல் கேள்வி. அதன்பின், “உங்க வீட்டுல இப்போ இருக்கிற முறையில உங்களுக்குப் பிடிச்சது எது, மாத்தணும்னு தோணுறது எது?” என்று இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் கேட்பது. வீட்டில் ஒருவருக்கொருவர் ஒத்துவராத விஷயங்களைப் பிறகுதான் தொட வேண்டும். அதைச் சொந்த வீட்டின் மேல் வைத்துக் கேட்பதைவிட ஒரு கதையின் மேல் வைத்துக் கேட்பது எல்லாருக்கும் பாதுகாப்பு.

கதை இப்படி இருக்கலாம். ஒரு வீடு. மாமியாருக்கு எட்டு மணிக்கு எல்லாரும் ஜெபத்துக்கு உட்கார வேண்டும். மருமகள் வேலை முடிந்து வீட்டுக்கு வரவே எட்டு ஆகிவிடுகிறது. வந்ததும் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். மகன் வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் அந்த நேரத்துக்குத்தான் கூப்பிட முடியும். “இந்த மாதிரி வீட்டுல எட்டு மணிக்கு என்ன நடக்கும்?” என்று கேட்க வேண்டும். ‘என்ன நடக்கணும்?’ என்று கேட்டுவிட்டால் எல்லாம் போய்விடும். எட்டுப் பேரும் போதகர்களாகிவிடுவார்கள். கதையில் யாரும் நல்லவராகவோ கெட்டவராகவோ எழுதப்படக்கூடாது. மாமியாரைக் ‘கண்டிப்பானவர்’ என்று சொன்னால் கேட்பவர்கள் மருமகள் பக்கம் போவார்கள். மருமகளைக் ‘களைத்துப்போனவள்’ என்றாலும் அதேதான். நேரங்களையும் வேலைகளையும் மட்டும் சொல்லி, உணர்ச்சியைக் கேட்பவர்களே போட்டுக்கொள்ள விட வேண்டும். மாமியார் குழுவிலும் இதே கதையை ஒரு வார்த்தை மாறாமல் சொல்ல வேண்டும். அப்போதுதான் இரண்டு குழுக்களின் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

கேள்வி வேலை செய்ததா என்பதைப் பதிவை எழுத்தாக்கிப் படிக்கும்போது கண்டுபிடிக்கலாம். எனக்கு இதில்தான் மிகுந்த வியப்பு, ஏனென்றால் தமிழின் இலக்கணமே ஒரு கருவியாகக் கையில் கிடைக்கிறது. கலந்துரையாடலில் ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “நாம எவ்வளவு வேலையா இருந்தாலும் ஆண்டவருக்கு நேரம் கொடுக்கணும்.” இன்னொருவர்: “நாங்க எட்டரைக்கு உக்காந்தோம், சின்னவன் பாதியில தூங்கிட்டான், அவுக போன்ல ஜெபம் பண்ணி முடிச்சாக.” முதல் வாக்கியத்தில் ‘நாம’, அதாவது கேட்கிற உங்களையும் சேர்த்து, முடிவில் ‘-ணும்’. அது சபையைப் பார்த்துப் பேசும் பேச்சு. இரண்டாவதில் ‘நாங்க’, அதாவது நீங்கள் இல்லாத எங்கள் வீடு. முடிவில் நடந்து முடிந்த வினை. நடுவில் தூங்கிப்போன ஒரு பிள்ளை. ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் வந்த பதில்களில் ‘நாம’வும் ‘-ணும்’மும் எத்தனை, ‘நாங்க’வும் இறந்தகாலமும் எத்தனை என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனால், எந்தக் கேள்வி வீட்டைத் திறந்தது, எந்தக் கேள்வி பிரசங்கத்தைத் திறந்தது என்று பக்கத்திலேயே தெரிந்துவிடும். நாமும் நாங்களும் ஒரே சொல்லாக இருக்கும் மொழிகளில் வேலை செய்கிற ஆய்வாளர்களுக்கு இந்த வசதி இல்லை.

வேறு அடையாளங்களும் உண்டு. கேள்வியிலிருந்த அதே சொல் பதில்களில் திரும்பத் திரும்ப எதிரொலித்தால் கேள்வி ஊட்டிவிட்டது என்று பொருள். ஒவ்வொருவரும் நெறியாளரைப் பார்த்தே பேசி, ஒருவரும் இன்னொருவரிடம் திரும்பி ‘உங்க வீட்டுலயுமா அக்கா?’ என்று கேட்கவில்லை என்றால், அது குழுக் கலந்துரையாடல் ஆகவில்லை. எட்டுத் தனிப் பேட்டிகள் ஒரே அறையில் நடந்திருக்கின்றன. வசனம் பதிலாக வருவதை மட்டும் அவசரப்பட்டுத் தோல்வியாக எண்ணக்கூடாது. இந்த மக்களுக்கு வேதவாக்கியம் அலங்காரமில்லை, அனுபவத்தைச் சொல்லும் மொழி. நெறியாளர் “சரிங்க. அந்த வசனம் உங்களுக்கு கடைசியா எப்போ ஞாபகம் வந்துச்சு?” என்று கேட்டால், பெரும்பாலும் அதற்குப் பின்னாலிருக்கும் ஆஸ்பத்திரியோ கடனோ கல்யாணமோ வெளியே வரும்.

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. எத்தனை வீட்டில் ஜெபம் நடக்கிறது என்று குழுவிடம் கேட்டுச் சதவீதம் போடக்கூடாது; அதற்கு வீடுவீடான கணக்கெடுப்பு வேண்டும். குழுவில் சொன்னதை வெளியே சொல்லமாட்டோம் என்று ஆய்வாளர் தன் சார்பில் வாக்குக் கொடுக்கலாம், மற்ற ஏழு பேரின் சார்பில் கொடுக்க முடியாது. அதைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: “இங்க பேசினதை வெளிய பேச வேண்டாம்னு எல்லாரையும் கேட்டுக்கறேன், ஆனா அதுக்கு என்னால உறுதி கொடுக்க முடியாது. வெளிய தெரியக்கூடாதுன்னு நினைக்கிறதை இங்க சொல்லாதீங்க.” குடி, அடி, கள்ள உறவு போன்றவற்றைக் குழுவில் கேட்கும் கேள்வி எதுவும் தாளில் இருக்கக்கூடாது.

ஆனாலும் அவை வரும். கிரெக் கெஸ்டும் அவருடைய சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆட்களைக் குலுக்கல் முறையில் தனிப் பேட்டிக்கும் குழுவுக்குமாகப் பிரித்துப் பார்த்தார்கள். அந்தரங்கமான சில விஷயங்கள் தனிப் பேட்டியைவிடக் குழுவில்தான் அதிகம் வெளிவந்தன. ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே யாராவது தன் வீட்டுத் துன்பத்தைச் சொல்லத் தொடங்கினால் என்ன செய்வது என்பது வழிகாட்டியில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்: பேச்சை மென்மையாக நிறுத்துவது, டீக்கு எழுந்திருக்கச் சொல்வது, அந்த ஆளோடு தனியே ஒருவர் உட்காருவது, எங்கே உதவி கிடைக்கும் என்பதைக் கையோடு வைத்திருப்பது. பிள்ளையை இழந்த அந்தத் தாயை நான் சோதனைக்காகக் கற்பனை செய்தேன். ஆனால் எந்தச் சேகரத்திலும் அப்படி ஒருவர் நிஜமாக இருப்பார். அவருக்கு நேரும் வலிக்கு ஆய்வாளர்தான் பொறுப்பு.

எத்தனை குழுக்கள் நடத்துவது என்பதற்கும் கெஸ்டும் சகாக்களும் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் நாற்பது குழுக்களின் பதிவுகளை எடுத்து, புதிய கருத்துகள் எந்தக் கட்டத்தில் வருவது நின்றுபோகிறது என்று பார்த்தார்கள். மொத்தக் கருத்துகளில் 80 சதவீதத்துக்கு மேல் முதல் இரண்டு மூன்று குழுக்களிலேயே வந்துவிட்டன; 90 சதவீதம் வருவதற்கு மூன்றிலிருந்து ஆறு குழுக்கள் போதுமாக இருந்தன. ஆனால் அது ஒரே வகை ஆட்களிடம் ஒரே விஷயத்தைப் பற்றிக் கேட்டபோது கிடைத்த கணக்கு. நம் சேகரத்தில் மருமகள், மாமியார், தலைவர், பிள்ளைகள் என்று நான்கு வகை இருப்பதால் வகைக்கு இரண்டு குழுக்களாவது, ஆக மொத்தம் எட்டு நடத்த வேண்டும். முதல் குழு முடிந்ததும் தாளைத் திருத்த ஆசை வரும். தூண்டல்களைத் திருத்தலாம், நேர ஒதுக்கீட்டை மாற்றலாம். முன்பே திட்டமிட்ட வாசல் வரிசை மாற்றத்தைத் தவிர, நேற்றைய மாலைக் கேள்வியையும் மூன்று வாசல் கேள்வியையும் கதையையும் எட்டாவது குழு முடியும்வரை தொடக்கூடாது. தொட்டால், இரண்டு குழுக்கள் வேறுவேறாகப் பேசியது வீடுகள் வேறு என்பதாலா, கேள்வி வேறு என்பதாலா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.